சைனா, கொசைனா, இரண்டும் சேர்ந்தா, கலப்பெண்ணா? தனிச்சீரிசை இயக்கத்தின் தீர்வை எந்த வடிவில் எழுதுவது

பிளஸ் டூ முடித்து பி.எஸ்சி.க்கோ இன்ஜினியரிங்குக்கோ போன பிள்ளைகள் முதல் செமஸ்டரிலேயே என்னிடம் கேட்கும் கேள்வி இது. பள்ளிப் புத்தகத்தில் A sin(ωt + φ) என்று படித்தோம், கல்லூரிப் புத்தகத்தில் அதே இடத்தில் cos இருக்கிறது, வகுப்பில் a cos ωt + b sin ωt என்று போடுகிறார்கள், கணிதப் பாடத்தில் e^(iωt) வருகிறது, இதில் எதைப் பிடித்துக்கொள்வது?

"எல்லாம் ஒன்றுதான்" என்பது சரியான பதில். ஆனால் அதை வைத்துக்கொண்டு பரீட்சையில் கட்டத்தைச் சரியாகக் கண்டுபிடிக்க முடியாது. நான்கும் ஒரே இயக்கத்தைத்தான் சொல்கின்றன. எந்த வடிவில் எந்த இடத்தில் கை தவறும் என்பதில்தான் வித்தியாசம், அதனால் அதையே முக்கியமாக வைத்து ஒப்பிடுகிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் பார்ப்பது நான்கு விஷயங்கள். தொடக்க இடத்தையும் தொடக்கத் திசைவேகத்தையும் உள்ளே போட்டதும் மாறிலிகள் நேராக வந்து விழுகின்றனவா, இல்லை இடையில் ஒரு சமன்பாட்டைத் தீர்க்க வேண்டியிருக்கிறதா? குறி மாறிப்போகும் ஆபத்து எவ்வளவு? "எவ்வளவு தூரம் போகும்", "எப்போது அங்கே போய்ச் சேரும்" என்று கேட்டால் விடையைப் பார்த்த உடனே சொல்ல முடிகிறதா? கடைசியாக, நாளைக்கு உராய்வு சேர்ந்தால் அதே வடிவம் தாங்குமா?

## எடுத்துக்கொள்ளும் கணக்கு

நான்கு வழிக்கும் ஒரே கணக்கு. வழுவழுப்பான மேசை மேல் 0.5 கிலோ கட்டை, அதோடு 8 N/m மாறிலி கொண்ட சுருள்வில். கட்டையை நடுநிலையிலிருந்து இடப்பக்கம் 3 செ.மீ. தள்ளிவைத்து, அங்கிருந்து வலப்பக்கமாக நொடிக்கு 16 செ.மீ. வேகத்தில் தட்டிவிடுகிறோம். வலப்பக்கம் நேர்க்குறி என்றால் x₀ = −3, v₀ = +16.

சுருள்வில்லின் விசை −kx. எனவே m x″ = −kx, அதாவது x″ + 16x = 0. இங்கே 16 என்பது k/m, அதுதான் ω². ஆக ω = 4 ரேடியன்/நொடி, அலைவுக்காலம் 2π/4 = 1.571 நொடி. இதில் தொடக்க நிபந்தனைகளுக்கு ஒரு பங்கும் கிடையாது. கட்டையை எங்கே வைத்தாலும் எப்படித் தட்டினாலும் ω மாறாது, அது கட்டையும் வில்லும் சேர்ந்து முடிவுசெய்வது. x₀, v₀ இரண்டையும் வைத்து ω-வைத் தேடிப் பக்கம் பக்கமாக எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இது இரண்டாம் வரிசைச் சமன்பாடு, ஆகவே தீர்வில் சுதந்திரமான மாறிலிகள் சரியாக இரண்டு இருக்கும். நம் கையில் இருக்கும் தகவலும் இரண்டு. கீழே வரும் முதல் மூன்று வழிகளும் அந்த இரண்டு மாறிலிகளுக்கு வெவ்வேறு பெயர் வைக்கின்றன, அவ்வளவுதான். நான்காவது வழி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும்.

## முதல் வழி: x = a cos ωt + b sin ωt

இருமுறை வகையிட்டால் தன்னையே −16 மடங்காகத் திருப்பித் தரும் சார்பு எது? cos 4t தரும், sin 4t-யும் தரும். சமன்பாடு நேரியல் என்பதால் இரண்டையும் எந்த அளவில் கலந்தாலும் தீர்வுதான்.

t = 0 என்று போட்டால் சைன் மறைந்து x = a மட்டும் நிற்கும். ஆக a = −3. ஒருமுறை வகையிட்டு மறுபடி t = 0 போட்டால் v = 4b, ஆக b = 4. முடிந்தது:

x = −3 cos 4t + 4 sin 4t (செ.மீ.)

tan இல்லை, வர்க்கமூலம் இல்லை, குறியைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. கொடுத்த எண் குறியோடு அப்படியே போய் உட்கார்ந்துகொள்கிறது. இதனால்தான் இந்த வடிவம் எனக்குப் பிடிக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் b. அது v₀ அல்ல, v₀/ω. அவசரத்தில் b = 16 என்று எழுதிவிடுவது நடக்கும். அலகைப் பார்த்தால் உடனே பிடிபடும்: x செ.மீ.யில் இருக்க வேண்டும், 16 என்பதோ செ.மீ./நொடி.

இன்னொரு குறை, இந்த விடையைப் பார்த்தால் வீச்சு தெரியாது. பெரிய எண் 4 என்பதால் வீச்சு 4 என்பார்கள், அல்லது இரண்டையும் கூட்டி 7 என்பார்கள். சைனும் கொசைனும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவதில்லை, கால் சுற்று முன்பின்னாகப் போகின்றன. அதனால் அவை செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் போலத்தான் சேரும்: √(9 + 16) = 5.

எப்போது இதுவே நல்லது: ஒரு குறிப்பிட்ட நேரத்தில் கட்டை எங்கே என்று கேட்டால். தொடக்கம் t = 0 ஆக இல்லாமல் வேறு நேரம் t₁ ஆக இருந்தால். அப்போது t இருந்த இடத்தில் எல்லாம் t − t₁ போட்டால் போதும்:

x = x₁ cos ω(t − t₁) + (v₁/ω) sin ω(t − t₁)

நடுவில் கட்டையை மறுபடி தட்டும் கணக்குகளுக்கும் இதுதான். நம் கட்டை முதல் தடவை நடுவைக் கடக்கும் நேரம் 0.161 நொடி (tan 4t = 3/4 என்பதிலிருந்து). அப்போது அதன் வேகம் 20 செ.மீ./நொடி. அந்தக் கணத்தில் ஒரு தட்டு தட்டி வேகத்தை 28 ஆக்கினால், அங்கிருந்து புதிய கணக்கு தொடங்குகிறது: x₁ = 0, v₁ = 28, ஆக x = 7 sin 4(t − 0.161). வீச்சு 5-லிருந்து 7 ஆகிவிட்டது. பழைய கட்டத்தைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

## இரண்டாம் வழி: x = A cos(ωt + φ), அல்லது சைன்

வீச்சும் கட்டமும் வெளிப்படையாகத் தெரியும் வடிவம். பெரும்பாலான கேள்விகள் கடைசியில் கேட்பது இதைத்தான். ஆனால் அதிகமான மதிப்பெண் போவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

t = 0 போட்டால் A cos φ = −3. வகையிட்டு t = 0 போட்டால் −4A sin φ = 16, அதாவது A sin φ = −4. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் A² = 25, A = 5. ஒன்றை மற்றதால் வகுத்தால் tan φ = 4/3. கால்குலேட்டரில் தட்டினால் 0.927 ரேடியன். ஆக x = 5 cos(4t + 0.927) என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறார்கள்.

இது தவறு. t = 0 போட்டுப் பாருங்கள்: 5 × 0.6 = +3. கட்டையை நாம் வைத்தது −3-இல். வேகத்தையும் பாருங்கள், −16 வருகிறது. இரண்டு தொடக்க நிபந்தனைகளும் குறி மாறி நிற்கின்றன. கிடைத்த வளைவு உண்மையான இயக்கத்தின் தலைகீழ்ப் பிம்பம்.

ஏன் இப்படி ஆனது? −4-ஐ −3-ஆல் வகுத்தபோது இரண்டு குறைக்குறியும் அடிபட்டுப் போயின. 4-ஐ 3-ஆல் வகுத்தாலும் அதே 4/3 தான். கால்குலேட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அது எப்போதும் −π/2-க்கும் π/2-க்கும் இடைப்பட்ட கோணத்தையே தரும். இன்னும் உள்ளே போனால், வர்க்கமூலம் எடுக்கும்போது A நேர்க்குறி என்று ஒரு முடிவு எடுத்தோம், tan வழியாக φ-க்குத் தனியாக இன்னொரு முடிவு எடுத்தோம், இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. φ = 0.927 என்றே வைத்துக்கொண்டு A = −5 என்று எழுதியிருந்தால் விடை சரியாகவே இருந்திருக்கும்! வீச்சை நேர்க்குறியாக எழுதுவது வழக்கம் என்பதால் φ-ஐத்தான் திருத்த வேண்டும். cos φ, sin φ இரண்டும் குறைக்குறி, ஆக மூன்றாம் கால்பகுதி, φ = 0.927 − π = −2.214.

x = 5 cos(4t − 2.214)

இந்தத் தவறு எளிதில் கண்ணில் படாது என்பதுதான் சிக்கல். "முதல் தடவை நடுநிலையை எப்போது கடக்கும்" என்று கேட்டால் தவறான விடையும் 0.161 நொடி என்றே சொல்லும், ஏனென்றால் ஒரு வளைவும் அதன் தலைகீழ்ப் பிம்பமும் பூஜ்யத்தை ஒரே நேரத்தில்தான் தொடும். வீச்சும் சரி, அலைவுக்காலமும் சரி. "வலப்பக்கக் கோடிக்கு முதலில் எப்போது போகும்" என்று கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். சரியான விடை 2.214/4 = 0.554 நொடி. தவறான சமன்பாடு 1.339 நொடி என்று சொல்லும், சரியாக அரை அலைவுக்காலம் தாமதம். அதனால் சரிபார்க்கும்போது x₀, v₀ இரண்டையும் குறியோடு போட்டுப் பார்ப்பது ஒன்றே நம்பகமான வழி.

சைனாக எழுதினால் என்ன ஆகும்? A sin φ = −3, A cos φ = 4, tan φ = −3/4, கால்குலேட்டர் −0.644 என்கிறது, இந்தத் தடவை அதுவே சரியான விடை. இது தற்செயல் இல்லை. கால்குலேட்டர் தரும் கோணத்தின் கொசைன் ஒருபோதும் குறைக்குறியாக இருக்காது. கொசைன் வடிவில் cos φ-இன் குறி x₀-இன் குறி, சைன் வடிவில் அது v₀-இன் குறி. ஆகவே x₀ நேர்க்குறியாக இருந்தால் கொசைன் வடிவில் கால்குலேட்டரை அப்படியே நம்பலாம், v₀ நேர்க்குறியாக இருந்தால் சைன் வடிவில் நம்பலாம், இரண்டுமே குறையாக இருந்தால் எந்த வடிவானாலும் π சேர்க்கவோ கழிக்கவோ வேண்டும். சைனா கொசைனா என்ற கேள்விக்கு நான் தரும் நேரான பதில் இதுதான்.

நிரலாக எழுதுபவர்கள் atan-ஐத் தொடவே வேண்டாம், atan2 இரண்டு குறிகளையும் தனித்தனியாக வாங்கிக்கொள்ளும்:

```python
import math
x0, v0, w = -3, 16, 4
A = math.hypot(x0, v0/w)
phi = math.atan2(-v0/w, x0)
print(A, phi)   # 5.0  -2.2143 (தோராயம்)
```

எக்செலில் செய்பவர்கள் கவனிக்கவும், அங்கே ATAN2 முதலில் x-ஐயும் பிறகு y-ஐயும் கேட்கும், பைத்தானுக்கு நேர் எதிர் வரிசை. கையடக்கக் கால்குலேட்டர் என்றால் அது டிகிரியில் நிற்கிறதா என்று பாருங்கள். 4t ரேடியனில் இருக்கும்போது அதோடு 126.9-ஐக் கழித்து எழுதிய விடைத்தாள்கள் நிறைய உண்டு.

எப்போது இதுவே நல்லது: எவ்வளவு தூரம், எப்போது என்ற கேள்விகளுக்கு. இரண்டு அலைவுகளில் எது எவ்வளவு முந்துகிறது என்று ஒப்பிடும்போது. ஓய்விலிருந்து விட்டால் (v₀ = 0) கொசைன் எடுங்கள், φ பூஜ்யமாகவோ π ஆகவோ தானே வந்துவிடும். நடுநிலையிலிருந்து தட்டிவிட்டால் (x₀ = 0) சைன் எடுங்கள். மாற்றி எடுத்தால் பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வரும்.

## மூன்றாம் வழி: கலப்பெண்

x = e^(rt) என்று வைத்துப் பார்த்தால் r² + 16 = 0, r = ±4i. மெய்யான தீர்வை x = Re(C e^(4it)) என்று எழுதலாம், C ஒரு கலப்பெண். t = 0-இல் x₀ என்பது C-இன் மெய்ப்பகுதி. v₀ என்பது 4iC-இன் மெய்ப்பகுதி, அதாவது C-இன் கற்பனைப் பகுதியின் −4 மடங்கு. ஆக C = −3 − 4i.

இந்த ஒரு எண்ணுக்குள் முதல் இரண்டு வழிகளும் அடங்கிவிட்டன. அதன் பகுதிகளைப் பார்த்தால் a = −3, b = 4 (கற்பனைப் பகுதி குறி மாறி b ஆகிறது). அதையே தளத்தில் ஒரு அம்பாக வரைந்தால் நீளம் 5, கோணம் −2.214, அதாவது A-யும் φ-யும். அம்பு மூன்றாம் கால்பகுதியில் கிடப்பது கண்ணுக்கே தெரிவதால் π பிரச்சினை வருவதில்லை. φ என்றால் என்ன என்று எனக்கே தெளிவாகப் புரிந்தது இந்தப் படத்தை வரைந்த பிறகுதான்.

இதற்கும் விலை உண்டு. சிலர் e^(−iωt) என்று எழுதுவார்கள், அப்போது C-இன் கற்பனைப் பகுதி குறி மாறும். இரண்டு புத்தகங்களைப் பக்கத்தில் வைத்துப் படிப்பவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். அப்புறம், மெய்ப்பகுதி எடுப்பது கூட்டலுக்கும் வகையிடலுக்கும் ஒத்துப்போகும், வர்க்கப்படுத்தலுக்கு ஒத்துப்போகாது. ஆற்றல் கணக்கில் x² வேண்டுமென்றால் முதலில் மெய்ப்பகுதி எடுத்துவிட்டுப் பிறகு வர்க்கப்படுத்த வேண்டும்.

எப்போது இதுவே நல்லது: உராய்வோ வெளிவிசையோ சேரும்போது, பல அலைவுகளைக் கூட்டும்போது. மாறுமின்சாரச் சுற்றுகளுக்கு ஸ்டைன்மெட்ஸ் 1893-இல் கலப்பெண் முறையைக் கொண்டுவந்ததும் இதே வசதிக்காகத்தான்.

## நான்காம் வழி: ஆற்றல்

சமன்பாட்டை v-ஆல் பெருக்கித் தொகையிட்டால் v² + 16x² = மாறிலி. தொடக்கத்தில் 256 + 144 = 400. கோடியில் v = 0, ஆக 16A² = 400, A = 5. நடுவில் x = 0, ஆக உச்சவேகம் 20. இரண்டே வரி.

ஆனால் எல்லாம் வர்க்கத்தில் இருப்பதால் கட்டை இடப்பக்கம் இருந்ததா வலப்பக்கமா, எந்தத் திசையில் போனது என்ற தகவல் முழுக்கப் போய்விடுகிறது. கட்டத்தை இதிலிருந்து எடுக்கவே முடியாது. மேலே தொகையிட்டு நேரத்தைக் கொண்டுவரலாம், ஆனால் v = ±4√(25 − x²) என்பதில் எந்தக் குறி என்று ஒவ்வொரு அரைச்சுற்றிலும் நாமே சொல்ல வேண்டும். உராய்வு இருந்தால் மாறிலியே மாறிலியாக இராது.

எப்போது இதுவே நல்லது: வீச்சு அல்லது உச்சவேகம் மட்டும் கேட்டால். மற்ற வழியில் கிடைத்த A-வைச் சரிபார்க்கவும் உதவும், ஆனால் φ-ஐ அல்ல.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | மாறிலிகள் கிடைப்பது | குறி தவறும் ஆபத்து | எவ்வளவு, எப்போது | உராய்வு சேர்ந்தால் |
|---|---|---|---|---|
| a cos + b sin | நேராக | மிகக் குறைவு | மாற்றி எழுத வேண்டும் | தாங்கும் |
| A cos(ωt + φ) | tan வழியாக | அதிகம் | உடனே | A, φ சூத்திரம் மாறும் |
| கலப்பெண் | நேராக | எழுதும் வழக்கத்தைப் பொறுத்தது | அம்பு வரைந்தால் உடனே | நன்றாகத் தாங்கும் |
| ஆற்றல் | A மட்டும் | குறியே இல்லை | தூரம் மட்டும் | தாங்காது |

நான் எப்போதும் முதல் வழியில் a, b இரண்டையும் எடுத்துவிடுவேன், கேள்வி தூரத்தையோ நேரத்தையோ கேட்டால் மட்டும் (a, −b) என்ற புள்ளியைத் தளத்தில் குறித்து அதன் நீளத்தையும் கோணத்தையும் படிப்பேன். tan φ என்று எழுதுவதே இல்லை.

உராய்வைப் பற்றி ஒரு வார்த்தை. உராய்வு வேகத்துக்கு நேர்விகிதமாக இருந்து, தீர்வு e^(−γt)(a cos ω′t + b sin ω′t) என்று ஆகும்போது a = x₀ அப்படியே இருக்கும், b மட்டும் (v₀ + γx₀)/ω′ ஆகும், ஏனென்றால் வகையிடும்போது e^(−γt)-யும் தன் பங்குக்கு ஒரு உறுப்பைத் தருகிறது. √(x₀² + (v₀/ω)²) என்ற சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள் இங்கே அதையே போட்டுத் தவறுவார்கள். வகையிட்டு t = 0 போடும் பழக்கம் உள்ளவருக்கு இது தானாக வரும்.

## எந்த வடிவமும் காப்பாற்றாத ஒரு தவறு

இதே கட்டையை இதே வில்லில் கூரையிலிருந்து தொங்கவிடுங்கள். வில் நீளாமல் இருக்கும் இடத்தில் கையால் பிடித்திருந்து, அப்படியே விட்டுவிடுகிறோம். x₀ என்ன?

நீளாத இடத்திலிருந்து அளப்பவர் x₀ = 0, v₀ = 0 என்பார். அதை x″ + 16x = 0-இல் போட்டால் நான்கு வழியும் x = 0 என்றே தரும், அதாவது கட்டை அந்தரத்தில் அசையாமல் நிற்கும். எடை இருக்கும்போது அந்தச் சமன்பாடு பொருந்துவது கட்டை அமைதியாகத் தொங்கும் இடத்திலிருந்து x-ஐ அளந்தால்தான். அந்த இடம் mg/k = 4.9/8, ஏறக்குறைய 61 செ.மீ. கீழே இருக்கிறது. மேல்நோக்கி நேர்க்குறி என்றால் x₀ = +61, v₀ = 0. ஆக x = 61 cos 4t, கட்டை விட்ட இடத்திலிருந்து 122 செ.மீ. கீழே போய்த்தான் திரும்பும்.